ஆவக்காய் ஜாடிக்குப் பின்னால் புகையா, தீயா, பொறியா?

நகரி, புத்தூர் பக்கமிருந்தும், இந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டையிலிருந்தும் எனக்கு வரும் வேலைகளில் ஊறுகாய் ஜாடிதான் அதிகம். லேபிளில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. மாங்காய் சீசன் தொடங்கியதும் ஆவக்காய் போடுகிறவர்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒரு படம், கடை வாசலில் கட்ட ஒரு ஃபிளெக்ஸ் என்று கேட்டு வருவார்கள். பள்ளிப்பட்டு அக்கா ஒருவர் சொன்னதுதான் எல்லோரும் கேட்பதன் சுருக்கம்: "தம்பி, ஆவக்காய்னா காரம். காரம்னா நெருப்பு. ஜாடிக்குப் பின்னாடி தகதகன்னு எரியணும்."

கேட்பது நியாயம்தான். ஆனால் எரிவதைத்தான் வைக்க வேண்டுமா, அதற்குப் பதில் புகையோ தீப்பொறியோ வைக்கலாமா என்பது தனிக் கேள்வி. மூன்றையும் சேர்க்கும் வழி ஒன்றே: கறுப்புப் பின்னணியில் எடுத்த புகை, தீ அல்லது பொறியின் ஓவர்லே படத்தை ஜாடிப் படத்தின் மேல் ஒரு லேயராகப் போட்டு, லேயர் பட்டியலில் Normal என்று இருப்பதை Screen என்று மாற்றுவது. கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் நிற்கும். வழி ஒன்றாக இருந்தாலும் மூன்றும் நடந்துகொள்ளும் விதம் வேறு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருண்ட பின்னணியில் நிற்கும் ஆவக்காய் ஜாடிக்கு முதல் தேர்வு பொறி. அதோடு ஜாடியின் அடிப்பக்கம் மங்கலாக, தாழ்வாகக் கொஞ்சம் தீ சேர்த்துக்கொள்ளலாம். புகையை நான் வைக்க மாட்டேன். பின்னணி வெளிர் நிறமென்றால் மூன்றுமே வேண்டாம்.

வெளிச்சத்தைக் கூட்டத்தான் தெரியும்

ஸ்க்ரீன் மோட் செய்யும் கணக்கு இவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக இது நடக்கிறது:

```
முடிவு = 255 − (255 − கீழ்) × (255 − மேல்) ÷ 255
```

மேலே இருப்பது 0, அதாவது முழுக் கறுப்பு என்றால், கீழே இருப்பது அப்படியே வரும். கீழே 255, அதாவது முழு வெள்ளை என்றால், மேலே எதைப் போட்டாலும் விடை 255தான். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எது எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் தேர்வு.

ஓரளவு அடர்த்தியான புகையின் அளவு 100 என்று வைத்துக்கொள்வோம். 25 அளவுள்ள கருநிறப் பின்னணியில் அதைப் போட்டால் 115 கிடைக்கும். 90 கூடுகிறது, கண்ணில் பளிச்சென்று படும். நடுச் சாம்பலான 128இன் மேல் போட்டால் 178. கூடியது 50. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி 230இல் போட்டால் 240. கூடியது வெறும் 10, போட்டதா இல்லையா என்றே தெரியாது. "ஓவர்லே வேலை செய்யவில்லை, ஓபாசிட்டியை 100 வைத்தும் தெரியவில்லை" என்று கேட்கிறவர்களின் படத்தைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் பின்னணி வெளிறிப்போயிருக்கும். சாஃப்ட்வேரில் குறை எதுவும் இருக்காது.

இதிலிருந்தே விற்பனைத் தளங்களுக்கான பதிலும் வந்துவிடுகிறது. அமேசான் போன்ற தளம் முதல் படத்துக்குச் சுத்த வெள்ளைப் பின்னணி, அதாவது 255, 255, 255 கேட்கிறது. அதில் ஸ்க்ரீனில் எதைப் போட்டாலும் காணாமல்தான் போகும். அங்கே தீயும் வேண்டாம், புகையும் வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது படங்களுக்கும் ஸ்டேட்டஸுக்கும் ஃபிளெக்ஸுக்கும்தான் இந்த வேலை.

வெள்ளைப் பின்னணிக்காக எடுத்த அதே ஜாடியை வெட்டிக் கறுப்பில் ஒட்டித் தீ வைக்கலாம் என்று தோன்றும். அட்டைப்பெட்டிக்கும் தகர டப்பாவுக்கும் அது நடக்கும், கண்ணாடிக்கு நடக்காது. வெள்ளைக்கு முன் எடுத்த கண்ணாடியின் ஓரம் கருங்கோடாகவும், உள்ளே தெளிவான இடம் வெள்ளையாகவும் பதிவாகியிருக்கும். கறுப்புக்கு முன் எடுத்தால் நேர்மாறு: ஓரம் ஒளிக்கோடு, உள்ளே இருட்டு. முதல் வகையை இரண்டாவது இடத்தில் ஒட்டினால் எவ்வளவு துல்லியமாக வெட்டியிருந்தாலும் ஒட்டுவேலை என்று சொல்லிவிடலாம். மூடிக்குக் கீழே எண்ணெய்க்கு மேலே இருக்கும் காலியிடத்தில் வெள்ளை தேங்கி நிற்கும். தீ வேண்டுமென்றால் ஜாடியைக் கறுப்புத் துணிக்கு முன் இன்னொரு முறை எடுப்பதுதான் வழி. பின்னால் இரு பக்கமும் ஒவ்வொரு விளக்கு வைத்தால் கண்ணாடி ஓரம் தானாக ஒளிரும்.

புகை

புகை அழகானது. எடுப்பதும் சுலபம்: அறையில் ஃபேனை நிறுத்தி, ஒரு ஊதுவத்தி, ஓரடி தள்ளிப் பக்கவாட்டில் ஒரு ஃபிளாஷ், ஐந்தாறடி பின்னால் கறுப்பு வெல்வெட். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/200 செகண்ட் என்ற அளவில் தொடங்கலாம். ஃபிளாஷின் ஒளி துணியில் விழாமல் நடுவே ஒரு அட்டையை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஊறுகாய்க்குப் பின்னால் அது சொல்லும் சேதி தவறு. புகை என்றால் பார்க்கிறவர் மனசில் வருவது சூடு, ஆவி, கருகல். பிரியாணிக்கும் ஃபில்டர் காபிக்கும் சாம்பிராணி டப்பாவுக்கும் அது பொருந்தும். மாதக்கணக்கில் ஆறிக் கிடக்கும் ஊறுகாய் ஜாடியிலிருந்து புகை வந்தால், உள்ளே ஏதோ நுரைத்துக் கெட்டுவிட்டதோ என்று தோன்ற இடம் உண்டு. காரத்தைச் சொல்லப் போய்க் கெட்டுப்போனதைச் சொல்வானேன்?

வேலையிலும் ஒரு சிக்கல். நிஜப் புகை பின்னால் இருப்பதைக் கொஞ்சம் மறைக்கும். ஸ்க்ரீன் புகை எதையும் மறைக்காது, மேலே வெளிச்சத்தை மட்டும் சேர்க்கும். பின்னணி வெறும் இருட்டாக இருந்தால் வித்தியாசம் தெரியாது. பின்னால் ஒரு மர அலமாரியோ மிளகாய்க் குவியலோ இருந்தால் புகைக்குள்ளும் அதன் விளிம்புகள் கூர்மையாகத் தெரிந்து, கண்ணாடியில் படிந்த பால் மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் பின்னணியையே கொஞ்சம் பிளர் செய்து, கான்ட்ராஸ்ட்டைக் குறைத்தால்தான் நம்பும்படி இருக்கும். அத்தனை வேலைக்குப் புகை இங்கே தகுதியில்லை.

தீ

தீயின் பக்கம் ஒரு பெரிய நியாயம் உண்டு. தீச்சுடர் தானே ஒளிவிடுவது, கிட்டத்தட்ட ஊடுருவிப் பார்க்கக்கூடியது. வெளிச்சத்தைச் சேர்க்கும் ஸ்க்ரீன் மோட் அதற்கு இயற்கையாகவே பொருந்துகிறது. அதனால் சுடரை ஓரம் ஓரமாக வெட்டி எடுக்கும் வேலை இல்லை. வெட்டி எடுத்த பிஎன்ஜி தீயை Normal மோடில் போட்டால் சுடரின் நுனியில் பழைய கறுப்பு ஒரு மெல்லிய கரையாக ஒட்டிக்கொண்டு வரும். ஸ்க்ரீனில் அது வராது.

ஆனால் பின்னணியின் நிறம் தீயின் நிறத்தைக் கெடுக்கும். 255, 120, 20 என்ற நல்ல ஆரஞ்சுச் சுடரை எடுத்துக்கொள்ளுங்கள். 30, 20, 15 என்ற கருங்காப்பிப் பின்னணியில் ஸ்க்ரீனில் போட்டால் 255, 131, 34 வருகிறது, ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருக்கிறது. அதே சுடரை 120, 160, 220 என்ற வானநீலத்தில் போட்டால் 255, 205, 223. அது தீயில்லை, ரோஸ்மில்க். நீலத்தைத் தீ மறைக்காமல் அதோடு கூடிப்போவதால் வரும் விளைவு இது. சேச்சுரேஷனை ஏற்றி இதைச் சரிசெய்யப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ரோஸ்மில்க் இன்னும் அடர்த்தியாகும். சுடர் விழும் இடத்தில் பின்னணியை முதலில் இருட்டாக்க வேண்டும், வேறு வழியில்லை.

அடுத்தது தீயின் அளவு. சின்னச் சுடரைப் பெரிதாக்கினால் பெரிய தீ ஆகாது. கற்பூரச் சுடர் வழவழப்பாக, ஒரே நாக்காக, மேலே ஒரே நுனியோடு இருக்கும். விறகுத் தீயில் பல நாக்குகள் கிழிந்து, ஒன்றை ஒன்று தாண்டி, நுனியில் துண்டு துண்டாகப் பறக்கும். தட்டில் கற்பூரம் ஏற்றி எடுத்த படத்தை ஜாடி உயரத்துக்கு இழுத்துவிட்டால், ஜாடிக்குப் பின்னால் ராட்சத அகல்விளக்கு நிற்பதுபோல் தோன்றும். ஜாடி உயரத்துக்குத் தீ வேண்டுமென்றால் உண்மையிலேயே அந்த அளவு எரிந்த தீயைத்தான் எடுக்க வேண்டும்: வெட்டவெளியில், இரவில், பக்கத்தில் மணலும் தண்ணீரும் வைத்துக்கொண்டு. ஃபிளாஷ் கூடாது. ஷட்டர் 1/500க்கு மேல் இருந்தால்தான் நாக்குகள் வடிவாக நிற்கும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுக்க வேண்டும், ஏனென்றால் தீயில் சிவப்பு முதலில் 255ஐத் தொட்டுவிடும், பின்னாலேயே பச்சையும் தொடும், பிறகு சுடரின் நடுவில் வெறும் மஞ்சள் திட்டுதான் மிஞ்சும். ஸ்க்ரீன் அதை இன்னும் வெளுக்க வைக்கும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் ஆவக்காய்க்கு எதிராக ஒரு காரணம் நிற்கிறது. ஊறுகாயே செம்பழுப்பு. அதன் மேல் மிதக்கும் எண்ணெய் ஆரஞ்சு. ஜாடிக்குப் பின்னால் முழு உயரத்துக்கு ஆரஞ்சுத் தீயை எழுப்பினால் பொருளும் பின்னணியும் ஒரே நிறக் குடும்பமாகி, ஜாடியின் ஓரம் கரைந்துவிடும். செல்போனில் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருங்கிய படத்தில் ஒரு ஆரஞ்சுத் திட்டும் அதன் மேல் ஒரு மூடியும்தான் தெரியும். இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி: படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 100 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். ஜாடியின் தோள்பட்டை வளைவு தெரியவில்லை என்றால் தீ அதிகம்.

இரும்பு தோசைக்கல்லுக்கோ வார்ப்புக் கடாய்க்கோ இந்தச் சிக்கல் இல்லை. கறுப்புப் பொருள், ஆரஞ்சுத் தீ, விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். தீயில் வைப்பதற்கென்றே உள்ள பொருள் என்பதால் சேதியும் சரி. புத்தூர்ப் பக்கம் இரும்புக் கல் விற்கும் ஒருவருக்கு நான் தயங்காமல் முழுத் தீ வைத்துக் கொடுத்தேன்.

பொறி

பொறிக்கு இருக்கும் முதல் அனுகூலம், அது படத்தின் பரப்பில் மிகச் சிறிய பங்கையே எடுத்துக்கொள்வது. நூறு பொறி பறந்தாலும் அவற்றுக்கு நடுவில் பின்னணி இருட்டாகவே இருக்கும். ஜாடியின் ஓரம் அழியாது. ஒவ்வொரு பொறியும் 255ஐ ஒட்டிய பிரகாசத்தில் இருப்பதால் பின்னணி கொஞ்சம் வெளிறியிருந்தாலும் தாங்கும். நடுச் சாம்பல் 128இன் மேல் புகை திணறும், பொறி தெரிந்துவிடும். காரம் என்ற எண்ணமும் வருகிறது, கெட்டுப்போன எண்ணமோ சமையல் சூடோ வருவதில்லை.

ஆனால் எந்தப் பொறி என்பதில் கவனம் வேண்டும். இணையத்தில் பொறி என்று தேடினால் அதிகம் கிடைப்பது கிரைண்டிங் மெஷினில் இரும்பைத் தேய்க்கும் பொறி. ஒரே புள்ளியிலிருந்து நேர்க்கோடுகளாகச் சீறும், நுனியில் சின்னப் பூக்கள்போல வெடிக்கும். அந்த வெடிப்பு இரும்பில் உள்ள கார்பனால் வருவது. ஊறுகாய்க்குப் பின்னால் அதை வைத்தால் வெல்டிங் பட்டறை விளம்பரம் ஆகிவிடும். டூல்ஸ் கடைக்கு நல்லது, சாப்பாட்டுப் பொருளுக்கு ஆகாது.

கார்த்திகைக்கு நம் பக்கம் மாவளி சுற்றுவார்கள். பனம்பூவைச் சுட்ட கரித்தூளைத் துணியில் முடிந்து, மட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, நெருப்பு வைத்துக் கயிற்றால் சுழற்றினால் வட்டமாகப் பொறி சிதறும். ராத்திரி வெட்டவெளி என்பதால் பின்னணி நல்ல கறுப்பு. ட்ரைபாடில் வைத்து அரை செகண்ட் எடுத்தால் முழு வட்டம், 1/15 எடுத்தால் வட்டத்தின் ஒரு துண்டும் அதிலிருந்து தெறிக்கும் துணுக்குகளும் கிடைக்கும். முழு வட்டத்தை ஜாடிக்குப் பின்னால் வைத்தால் சாமி படத்துத் திருவாச்சி மாதிரி ஆகும். கார்த்திகை வாழ்த்துப் படத்துக்கு வைத்துக்கொள்ளலாம். விளம்பரத்துக்கு அந்தத் துண்டுதான் நல்லது.

உணவுப் பொருளுக்கு நான் முதலில் எடுப்பது விறகடுப்புப் பொறி. கனிந்த கட்டையைக் கிளறி ஊதாங்குழலால் ஒருவர் ஊத, இன்னொருவர் எடுக்க வேண்டும். இந்தப் பொறி நேராகப் போகாது. சூடான காற்றோடு நெளிந்து நெளிந்து மேலே ஏறும், சில பாதியில் அணையும். 1/30இல் சின்னப் புழு மாதிரி, 1/8இல் நீண்ட சுருள் மாதிரி வரும். 1/250க்குப் போனால் வெறும் புள்ளிகள்தான், அவை தூசியா பொறியா என்று சொல்ல முடியாது. எந்த வேகத்தில் எடுத்தாலும் படத்தைத் தலைகீழாகத் திருப்பக் கூடாது. ஏறும் பொறி இறங்கும் பொறியாவதைக் கண் உடனே பிடித்துவிடும். இடவலமாகத் திருப்புவதில் தவறில்லை.

பள்ளிப்பட்டு அக்காவின் ஜாடி

400 கிராம் கண்ணாடி ஜாடி, பொன்னிற மூடி, மஞ்சள் லேபிள். கறுப்புத் துணிக்கு முன் எடுத்தது, ஃபைல் 3000 பிக்சல் உயரம். எடுக்கும்போதே பின்பக்க விளக்குகள் இரண்டிலும் ஆரஞ்சுக் கண்ணாடித்தாள் சுற்றினேன். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் பொறி பறக்கிறது, ஆனால் ஜாடியின் ஓரத்தில் வெள்ளை வெளிச்சம் என்றால் எந்த மோடாலும் படத்தைக் காப்பாற்ற முடியாது. தாள் சுற்ற மறந்த படமென்றால் ஜாடி லேயருக்கு மேல் ஒரு காலி லேயரைக் கிளிப் செய்து, ஸ்க்ரீன் மோடில் வைத்து, ஓரத்தில் மட்டும் மெல்லிய ஆரஞ்சு பிரஷ் ஓட்டி ஓரளவு ஈடுகட்டலாம். எடுக்கும்போதே செய்ததுக்கு அது ஈடில்லை.

பொறியை ஜாடிக்குப் பின்னால் அனுப்ப இரண்டு வழி. ஜாடியை வெட்டித் தனி லேயராக மேலே வைத்து நடுவில் பொறியைச் செருகுவது ஒன்று. ஜாடிப் படத்தை அப்படியே விட்டுவிட்டு, பொறியை மேலே போட்டு, ஜாடி இருக்கும் இடத்தை மாஸ்க்கில் மறைப்பது இன்னொன்று. பின்னணியையே மாற்றப் போவதாக இருந்தால் முதல் வழிதான் முடியும். ஏற்கெனவே கறுப்பில் எடுத்த ஜாடி என்பதால் நான் இரண்டாவதை எடுத்தேன். அதில் ஜாடியின் நிழலும் ஓரமும் அசலாக அப்படியே இருக்கின்றன. மாஸ்க் ஒன்றிரண்டு பிக்சல் பிசகினாலும் கரை விழாது, ஓரத்தில் ஒரு துளி வெளிச்சம் கூடும், அவ்வளவே. அது பின்னொளி மாதிரிதான் தெரியும்.

பொறி லேயரைப் போட்டு Screen ஆக்கியதும் முதல் வேலை கறுப்பைச் சரிபார்ப்பது. அடுப்பங்கரைச் சுவர் கொஞ்சம் தெரிந்ததால் ஓவர்லேயின் கறுப்பு 0 இல்லை, 12 அளவில் இருந்தது. ஜாடிப் படத்தின் பின்னணி 20. கணக்குப் போட்டால் 31 ஆகிறது. ஓவர்லே முடியும் இடத்தில் 31க்கும் 20க்கும் நடுவே ஒரு செவ்வகக் கோடு. மங்கலான மானிட்டரில் தெரியாது, வாடிக்கையாளரின் போனில் பிரைட்னஸ் ஏற்றினால் தெரியும். இதைக் கண்டுபிடிக்க எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Curves லேயர் போட்டு இருட்டுப் பகுதியைக் கண்டபடி மேலே தூக்கினால் செவ்வகம் பளிச்சென்று வெளியே வரும். பிறகு பொறி லேயரில் மட்டும் Levels திறந்து, இடப்பக்கக் கறுப்பு முக்கோணத்தை 18 வரை உள்ளே தள்ளினேன். செவ்வகம் போய்விட்டது. 40, 50 என்று தள்ளினால் பொறியைச் சுற்றியிருக்கும் மெல்லிய ஒளிவட்டமும் சேர்ந்து போய், பொறிகள் பேனாவால் குத்திய புள்ளிகள் ஆகிவிடும். செவ்வகம் மறைந்ததும் நிறுத்த வேண்டும். ஓரங்களில் மிச்சம் இருந்தால் மாஸ்க்கில் பெரிய மெத்தென்ற கறுப்பு பிரஷ்ஷால் துடைத்துக்கொள்ளலாம். போட்டோபீயாவிலும் ஜிம்ப்பிலும் இதே Screen, Levels, மாஸ்க் எல்லாம் இலவசமாகவே இருக்கின்றன.

அடுத்தது ஆழம். எல்லாப் பொறியும் ஒரே கூர்மையில் இருந்தால் ஜாடிக்குப் பின்னால் ஒட்டிய தாள் மாதிரி இருக்கும். பொறி லேயரை நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி, கொஞ்சம் பெரிதாக்கி, Gaussian Blur 8 பிக்சல் கொடுத்தேன். இது தூரத்துப் பொறி. பிளர் செய்ததும் வெளிச்சம் பரவி மங்கிப்போகும், அதனால் Levels வலப்பக்க வெள்ளை முக்கோணத்தை உள்ளே இழுத்துப் பிரகாசத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஜாடிக்கு முன்னால் நாலைந்து பொறியை மட்டும் விட்டேன், லேபிளில் எழுத்து இருக்கும் இடத்தில் ஒன்றுகூட இல்லாமல். தெலுங்கு எழுத்தின் தலைக்கட்டு மேல் ஒரு பொறி உட்கார்ந்தால் எழுத்தே மாறியதுபோலத் தோன்றும்.

கண்ணாடியில் ஒரு நுணுக்கம். எண்ணெய்க்கு மேலுள்ள காலியிடம் வழியே பின்னால் இருப்பது தெரிய வேண்டும். அந்த இடத்தில் மாஸ்க்கை முழுக் கறுப்பாக்காமல் பாதிச் சாம்பலாக விட்டேன், பொறி மங்கலாக உள்ளே தெரிந்தது. மேலே நிற்கும் தெளிந்த எண்ணெய் வழியே தெரிவது அப்படியில்லை. உருளை ஜாடியில் நிறைந்த திரவம் லென்ஸ் ஆகிப் பின்னாலிருப்பதை இடவலமாக மாற்றிவிடும். அந்த அரை அங்குல எண்ணெய்ப் பட்டையில் மட்டும் திருப்பிய நகலைக் காட்டினால் போதும். ஊறுகாய்த் துண்டுகள் இருக்கும் பகுதி ஒளிபுகாதது, அங்கே மாஸ்க் முழுக் கறுப்பு. யார் இதையெல்லாம் கவனிக்கப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள்தான், ஆனால் செய்யாவிட்டால் ஜாடி பிளாஸ்டிக் மாதிரித் தெரியும்.

அக்கா கேட்ட நெருப்பை முற்றிலும் விட்டுவிடவில்லை. ஜாடி உயரத்தில் கால்பங்குக்குக் கீழே, விறகுத் தீயின் அடிப்பகுதியை மட்டும் இன்னொரு ஸ்க்ரீன் லேயராக, 20 பிக்சல் பிளரில், ஓபாசிட்டி 60இல் வைத்தேன். நாக்கு எதுவும் தெரியாது. கீழிருந்து ஒரு கனல் ஏறுவது மட்டும் தெரியும், பொறி எங்கிருந்து வருகிறது என்பதற்கும் அது காரணம் சொல்கிறது. பிளர் செய்த இடங்கள் கேமரா படத்தைவிட வழவழப்பாகத் தெரிந்ததால் கடைசியில் Add Noise 1.5 சதவீதம். இருட்டிலிருந்து ஆரஞ்சுக்குப் போகும் இடத்தில் படிப்படியாகக் கோடு விழுவதையும் அது மறைக்கிறது.

ஓவர்லே எங்கிருந்து

நேரமில்லாதவர்கள் வாங்கிக்கொள்ளலாம், உரிமத்தில் வணிகப் பயன்பாடு என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். டெலிகிராமில் சுற்றும் இலவசத் தொகுப்புகளை நான் தொடுவதில்லை. உரிமம் ஒரு புறம் இருக்கட்டும், பல கை மாறிய ஜேபெக் படத்தில் கறுப்புக்குள் சின்னச் சின்னச் சதுரங்கள் இருக்கும். Normal மோடில் தெரியாத அவை ஸ்க்ரீனில் பின்னணியோடு கூடி வெளியே வந்துவிடும். 1200 பிக்சல் பொறியை 3000க்கு இழுத்தால் அந்தச் சதுரங்களும் சேர்ந்து பெரிதாகும்.

ஃபிளெக்ஸுக்குப் போகும்போது

திரையில் மூன்றில் எது ஜெயித்தாலும் அச்சில் வரிசை மாறலாம். 255, 120, 0 போன்ற பளிச்சென்ற ஆரஞ்சை நாலு மை அச்சு அப்படியே தராது, செங்கல் நிறம் பக்கம் மங்கும். முழுத் தீ வைத்த படத்துக்கு இதில் அடி பலம், ஏனென்றால் படத்தின் பெரும்பகுதியே அந்த நிறம். மெல்லிய புகை கறுப்பு மைக்குள் மூழ்கிவிடும், திட்டுத் திட்டாகவும் வரலாம். பொறியின் நடு வெள்ளையாக இருப்பதால் மை இல்லாத வெறும் ஃபிளெக்ஸ் பரப்பே அங்கே வெளிச்சமாகிவிடுகிறது, நட்டம் குறைவு.

ஃபைலைக் கொடுக்கும் முறையும் முக்கியம். ஸ்க்ரீன் கணக்கு, ஃபைல் எந்த நிற முறையில் இருக்கிறதோ அதிலேயே நடக்கும். லேயர்களைப் பிரித்தபடியே ஆர்ஜிபியிலிருந்து சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினால் பொறியும் தீயும் வேறு விதமாகக் கலந்து, சில இடங்களில் சாயம் போனதுபோல் வரும். ஆர்ஜிபியிலேயே வேலையை முடித்து, பிஎஸ்டியை ஒரு நகல் வைத்துக்கொண்டு, Flatten Image கொடுத்து ஒரே லேயராக்கிய பிறகுதான் மாற்ற வேண்டும். மாற்றிய பின் ஆரஞ்சு ரொம்பச் செங்கலாகிவிட்டால் மெஜந்தாவைக் கொஞ்சம் குறைத்து மஞ்சளை ஏற்றலாம். பத்தடி ஃபிளெக்ஸை அடிக்கச் சொல்வதற்கு முன் ஜாடியின் ஓரமும் கனலும் பொறியும் மூன்றும் வரும் ஒரு அடி துண்டை அடித்துக் காட்டச் சொல்லுங்கள், பகல் வெளிச்சத்தில் கடை வாசலில் பிடித்துப் பாருங்கள். திரையில் 20, 31 என்று நாம் மல்லாடிய இருட்டெல்லாம் அங்கே ஒரே கறுப்பாகத்தான் இருக்கும். அதனால் ஃபிளெக்ஸுக்கு மட்டும் கீழே இருக்கும் கனல் லேயரின் ஓபாசிட்டியை 60இலிருந்து 80க்கு ஏற்றித் தனி ஃபைலாக வைத்துக்கொள்கிறேன்.